புகை சுற்றும் சக்கரம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த 61 நாளும் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில், அரசலாற்று முகத்துவாரத்தை ஒட்டிப் படகுகள் நெருக்கியடித்துக் கிடக்கும். ஒரு பக்கம் வலை சரிபார்க்கிறார்கள், ஒரு பக்கம் பெயிண்ட் அடிக்கிறார்கள். நான் நிற்க விரும்புவது எஞ்சினைக் கழற்றிச் சாக்கின்மேல் பரப்பி வைத்திருக்கும் மெக்கானிக்கின் அருகில். ஓடும் எஞ்சினில் டர்போ ஒரு விசில் சத்தம் மட்டுமே. அது எப்பேர்ப்பட்ட வேலைப்பாடு என்பது கழற்றிக் கையில் எடுத்தால்தான் தெரியும்.

ஒரே தண்டின் இரண்டு முனையில் இரண்டு சக்கரங்கள், அவ்வளவுதான். புகைப் பக்கத்துச் சக்கரம் நிக்கல் கலந்த உலோகத்தில் வார்த்தது. கறுத்து, கனத்து இருக்கும். காற்றுப் பக்கத்துச் சக்கரம் அலுமினியம். பளபளவென்று, ஒரு நீள இதழ், ஒரு குட்டை இதழ் என மாறி மாறி வளைந்து போகும். அதன் முதுகிலோ நடு நட்டிலோ உற்றுப் பார்த்தால் சின்னதாகச் சுரண்டி எடுத்த தடம் ஒன்று இருக்கும். கை தவறிப் பட்ட கீறல் அல்ல அது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுச் சுற்றும் சக்கரத்தில் எடை இம்மியும் ஒரு பக்கம் சாயக் கூடாது என்று தொழிற்சாலையில் சமன்செய்து எடுத்த அடையாளம். சிலையில் உளி நின்ற இடத்தைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இந்தத் தடத்தைத் தேடுகிறவன்.

எஞ்சின் குடிக்கும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையிலிருந்து வேலை வாங்கலாம் என்று சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி 1905இலேயே காப்புரிமை எடுத்தார். முழுப் பளுவில் 600 டிகிரி அளவில் வரும் புகை, சங்கு வடிவக் கூட்டுக்குள் நுழைந்து, போகப் போகக் குறுகும் வழியில் வேகம் பிடித்து, சக்கரத்தின் விளிம்பில் மோதி, நடுவழியே வெளியேறுகிறது. மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை நடுவில் இழுத்து விளிம்புக்கு வீசி அழுத்துகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலைப் புகையில்லாமல் எரிக்கலாம்.

இதில் எவ்வளவு வேலை நடக்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊர்ப் பேருந்திலும் படகிலும் சகஜமான 5.7 லிட்டர், 6 சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 2,400 சுற்றில், வெளிக்காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், அந்தத் தண்டு சுமக்கும் வேலை சுமார் 28 குதிரைத்திறன். உள்ளங்கையில் அடங்கும் சக்கரம்! அதற்குக் கூலியாகப் புகை கொடுப்பது 80 டிகிரி அளவு வெப்பம். முழுக்க இனாம் என்றும் சொல்லிவிட முடியாது. புகையின் வழி குறுகுவதால் பிஸ்டன் அதைச் சற்று எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. ஆனாலும் லாபம் நம் பக்கம்தான்.

இத்தனை வேகத்துக்குப் பால் பேரிங் போட்டிருப்பார்கள் என்று நினைப்போம். பெரும்பாலானவற்றில் இல்லை. பித்தளை நிறத்தில் ஒரு புஷ். அதன் உள்ளேயும் ஆயில், வெளியேயும் ஆயில். தண்டு உலோகத்தைத் தொடாமல் ஆயிலில் மிதக்கிறது. "விரலை வச்சு ஆட்டிப் பாருங்க தம்பி" என்று மெக்கானிக் என்னிடம் நீட்டினார். மேலும் கீழும் லேசாக ஆடியது. "இது இருக்கணும். முன்னும் பின்னும் ஆடுனாத்தான் ஆபத்து." அப்படி ஆடினால் இதழ் கூட்டில் உரசும், உரசிய இடம் மினுமினுத்துக் காட்டிக்கொடுக்கும். நெடுந்தூரம் பளுவோடு வந்ததும் எஞ்சினைப் பட்டென்று நிறுத்தக் கூடாது என்பதும் இதனால்தான். எஞ்சின் நின்றால் ஆயில் ஓட்டமும் நிற்கும். சூடான தண்டில் தங்கிய ஆயில் கரியாகக் கருகும். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டால் போதும்.

சத்தம் போடுவதால் பேரெல்லாம் டர்போவுக்கு. என் ரசனை அதோடு கூட இருக்கும் இரண்டு பேரிடம்தான். இரண்டுமே கிடைத்ததைத் தள்ளிவிடுவதற்கென்று இருப்பவை: வேஸ்ட்கேட் புகையைத் தள்ளும், இன்டர்கூலர் சூட்டைத் தள்ளும்.

காரைக்காலிலிருந்து நாகூர் வழியாக நாகப்பட்டினம் போகும் பேருந்தைப் பாருங்கள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கிளம்புகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே டர்போ கிளம்பினால்தான் இழுவை இருக்கும். அதற்குப் புகைவழி சின்னதாக இருக்க வேண்டும். ஆனால் சின்ன வழி, எஞ்சின் முழு வேகம் எடுக்கும்போது சக்கரத்தை அளவுக்கு மீறிச் சுழற்றிவிடும். ஆகவே சின்னதையே வைத்து, பக்கத்தில் ஒரு குட்டிக் கதவையும் வைத்தார்கள். டர்போ அழுத்திய காற்றிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் ஒரு டப்பாவுக்குப் போகிறது. டப்பாவுக்குள் ஒரு ரப்பர்த் திரை, அதை எதிர்த்து ஒரு ஸ்பிரிங். காற்றழுத்தம் ஸ்பிரிங்கை வென்றதும் கம்பி நகர்ந்து கதவைத் திறக்கும். மிச்சப் புகை சக்கரத்தைத் தொடாமல் நேரே சைலன்சருக்குப் போகும். எவ்வளவு வேண்டும் என்பதை ஸ்பிரிங்கே முடிவுசெய்கிறது.

அந்த ஹோஸ் கழன்றால் கதவு திறக்காது, அழுத்தம் எகிறும். கதவு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றால் நேர்மாறு: வண்டி இழுக்காது, கறும்புகை தள்ளும். டர்போவே போய்விட்டது என்று புதிது வாங்குமுன் அந்தக் கம்பியை ஒருமுறை பார்ப்பது நல்லது. கடலுக்குள் மணிக்கணக்கில் ஒரே சுற்றில் ஓடும் படகு எஞ்சின் பலவற்றில் வேஸ்ட்கேட்டே கிடையாது. அந்தச் சுற்றுக்குத் தகுந்தபடி டர்போவைத் தேர்ந்துவிட்டால் தள்ளிவிட மிச்சம் ஏது?

இன்டர்கூலரின் அருமை எண்ணில்தான் புரியும். 35 டிகிரி வெயிலில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் அது 130 டிகிரிக்கு அருகில் சூடாகிவிடும். சூடான காற்று விரியும். ஆகவே அழுத்தம் இரு மடங்கானாலும் சிலிண்டருக்குள் போகும் காற்று ஒன்றரை மடங்குதான். அதையே 55 டிகிரிக்குக் குளிரவைத்தால் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒரு குழாய்க்கூடு, டர்போ பாதி வழியில் விட்ட வேலையை முடித்துக்கொடுக்கிறது. பேருந்தில் அது ரேடியேட்டருக்கு முன்னால் எதிர்க்காற்றில் நிற்கும். ஹோஸ் இணைப்பில் காற்று கசிந்தால் அங்கும் இழுவை குறைந்து கறும்புகை வரும். சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றழுத்தம் கொடுத்தால் நுரை இடத்தைக் காட்டும்.

படகில் எதிர்க்காற்றுக்கு வழியில்லை. எஞ்சின் மரத்துக்கோ பைபருக்கோ அடியில் அடைபட்டுக் கிடக்கிறது. அங்கே கடல்நீரைக் குழாய்களுக்குள் ஓடவிட்டு, சுற்றிவரும் காற்றைக் குளிரவைக்கிறார்கள். நம் கடல் 30 டிகிரியை ஒட்டி இருப்பதால் பேருந்தைவிட இங்கே காற்று நன்றாகவே குளிரும். ஆனால் உப்பு சும்மா இருக்காது. குழாயை அரிக்கும். அதற்குப் பலியாகத் துத்தநாகக் கட்டை ஒன்றைத் திருகி வைப்பார்கள். அது கரைந்து தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது குழாய்தான். ஓட்டை விழுந்தால், எஞ்சின் நிற்கும்போது கடல்நீர் சொட்டுச் சொட்டாகக் காற்றுவழியில் இறங்கி சிலிண்டரில் தேங்கும். தண்ணீர் காற்றைப்போல அமுங்காது. மறுநாள் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

அதனால்தான் தடைக்காலத்தில் கூலரைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, உள்ளே காற்றேற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்குகிறார்கள். குமிழி விடும் குழாயின் இரு முனையிலும் ஆப்பு அடித்துவிடுவார்கள். ஒன்றிரண்டு குழாய்வரை பாதகமில்லை. அதற்குமேல் அடைத்தால் காற்று குளிராது. கூலரையே மாற்ற வேண்டியதுதான்.