வாய்பாட்டு நடையும் இயந்திர எழுத்தைக் கண்டறியும் கருவிகளும்

கிரயப் பத்திரம், அலுவலக அறிவிப்புக் கடிதம், இயந்திரக் கையேடு போன்றவை மனிதர் எழுதியவையாக இருந்தும், 'செயற்கை நுண்ணறிவு எழுதியது' என்று கண்டறிகருவிகளால் அடிக்கடி குறிக்கப்படுகின்றன. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பே இவ்வாறு குறிக்கப்பட்டது 2023இல் பரவலாகப் பேசப்பட்டது. கருவி எதை அளக்கிறது என்று பார்த்தால் இதன் காரணம் விளங்கும்.

பத்திரத்தின் மொழி

சின்ன காஞ்சிபுரத்தில் குழித்தறி உள்ள ஒரு வீடு கைமாறுவதாகக் கொள்வோம். ஆவண எழுத்தர் எழுதும் பத்திரத்தில் 'யாதொரு வில்லங்கமும் இல்லை', 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்', 'தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்', 'சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்ற தொடர்கள் வரிசையாக வரும். இன்று இப்படி யாரும் பேசுவதில்லை. இங்கே 'சுதந்திரம்' என்பது விடுதலையன்று, உரிமை. 'விநிமயம்' என்பது பண்டமாற்று. எழுதுபவருக்கு இதற்கு மேல் நல்ல தமிழ் தெரியாது என்று நினைப்பது தவறு. பழகிய சொல்லை மாற்றினால், 'ஏன் மாற்றினார்கள், உரிமையில் ஏதும் குறைகிறதா' என்று நாளை ஒரு வழக்கறிஞர் கேட்கக்கூடும். ஆகவே புதிதாக எழுதாமல் இருப்பதே அவருடைய தொழில் நேர்மை.

இந்த வழக்கம் இன்று வந்ததும் அன்று. கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்க ஆடு விட்ட செய்தியைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆடுகள் சாகும், மூக்கும் என்பது எழுதியவருக்குத் தெரியாததன்று. எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமையை அந்த ஒரே தொடர் சொல்லிவிடுகிறது. அரசர் பெயர், ஆட்சியாண்டு, கொடையாளி, ஆடுகளின் எண்ணிக்கை ஆகியவை மாறும். மற்றவை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

கருவி அளப்பது என்ன

பல கருவிகளின் அடிப்படை அளவு ஒன்றுதான். முன்னால் உள்ள சொற்களைக் கண்டு, அடுத்த சொல்லை மொழி மாதிரி எவ்வளவு எளிதாக ஊகிக்கிறது என்பதே அது. ஊகிக்க அரிதான சொற்கள் மிகுந்தால் 'மனிதர்' என்றும், எளிதானவை மிகுந்தால் 'இயந்திரம்' என்றும் முடிவு சாய்கிறது.

விளக்கத்துக்காக எட்டுச் சொல் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதற்சொல்லுக்கு 512 வாய்ப்புகளில் ஒன்று, அதாவது 9 பிட் வியப்பு. வழக்கமான தொடர் என்று தெரிந்தபின் மற்ற ஏழு சொற்களுக்கும் இரண்டில் ஒன்று, அதாவது 1 பிட் வீதம் 7 பிட். மொத்தம் 16, சராசரி 2 பிட். மாதிரி ஒவ்வொரு இடத்திலும் நான்கு சொற்களுக்குள் தயங்குகிறது என்பது இதன் பொருள். சொல்லுக்குச் சராசரி 6 பிட் வரும் ஒரு சொந்தக் கடிதத்தில் அது 64 சொற்களுக்குள் தயங்கும். (எண்கள் கணக்கைக் காட்டுவதற்கு மட்டுமே.)

இயந்திரமும் ஊகிக்க எளிதான சொற்களையே பெரிதும் தேர்ந்தெடுக்கிறது. எனவே பத்திரமும் இயந்திர உரையும் ஒரே தட்டில் வந்து விழுகின்றன. கருவி கண்டது வழக்கத்தை. அது சொல்வதோ எழுதியவரை. பிழை இந்தத் தாவலில் இருக்கிறது.

அரசியலமைப்பின் நிலை சற்று வேறு. அது பயிற்சித் தரவில் பலமுறை இடம்பெற்றிருப்பதால், மாதிரிக்கு ஏறக்குறைய மனப்பாடம். பத்திரம் மனப்பாடமாக இருக்கத் தேவையில்லை. அதன் அச்சு தெரிந்தால் போதும். கையேடுகளில் இந்த அச்சு விதியாகவே உள்ளது. வானூர்திப் பராமரிப்புக்கான ASD-STE100 என்ற எளிய ஆங்கிலத் தரம், செயல்முறை வாக்கியத்துக்கு 20 சொல் வரம்பு வைத்து, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்கிறது. வாக்கிய நீளம் ஏறி இறங்குவதை மனித அடையாளமாகக் கொள்ளும் கருவி இங்கே தவறாமல் சறுக்கும்.

வரம்புகள்

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 சனவரியில் வெளியிட்ட கண்டறிகருவி, நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே இயந்திர உரைகளில் 26 விழுக்காட்டை மட்டுமே பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குறித்தது. எளிதில் ஊகிக்கத்தக்க உரையை நம்பகமாகப் பிரிக்க இயலாது என்று அந்நிறுவனமே சொல்லி, முதல் ஆயிரம் பகா எண்களின் பட்டியலை எடுத்துக்காட்டியது. யார் எழுதினாலும் அது ஒன்றுதானே! துல்லியக் குறைவால் அதே ஆண்டு சூலையில் கருவி நிறுத்தப்பட்டது.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். முதல் பைட்டு எப்போதும் `E0`, இரண்டாவது `AE` அல்லது `AF`. எழுத்தைப் பைட்டுகளாக உடைக்கும் மாதிரிக்கு இவை கேட்காமலே தெரிந்த விடைகள். வியப்பின் சராசரி அதனாலேயே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த எல்லைக்கோட்டைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவது பொருளற்றது.

தறி வீட்டுப் பத்திரத்தைச் சோதித்தே ஆகவேண்டும் என்றால், வாய்பாட்டுப் பகுதியை விலக்கிவிட்டுச் சொத்து விவரத்தை மட்டும் பார்க்க வேண்டும். இன்னார் வீட்டுக்கு மேற்கு, சந்துக்கு வடக்கு, தறிக்குழியும் கிணற்றில் பாதிப் பாத்தியமும் உட்பட என்ற இடங்களில்தான் மாதிரியின் ஊகம் தடுமாறும். ஆனால் அந்த விவரங்களைக் கொடுத்து ஓர் இயந்திரத்தைக் கொண்டு எழுதவைத்தாலும் அதே தடுமாற்றம் வரும். அவை மெய்யா என்பதை வில்லங்கச் சான்றும் நேரில் அளந்த அளவும்தான் சொல்லும்.