பெபிள் வாட்ச்: அறிமுகத்தில் விட்டுப்போன ஒரு எண்

2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் பெபிள் ஸ்மார்ட்வாட்சுக்குப் பணம் கேட்ட எரிக் மிகிகோவ்ஸ்கிக்கு அந்த யோசனை வந்தது சைக்கிள் ஓட்டும்போது. பையிலிருந்து போனை எடுக்காமல் யார் கூப்பிடுறாங்கன்னு பார்க்கணும். அக்கறைக்கு இந்தக் காரணம் போதும். ஆனால் முன்பின் தெரியாதவரை நம்பவைப்பது வேறு: அவர் குழு ஏற்கெனவே பிளாக்பெரிக்காக இன்பல்ஸ் என்ற வாட்ச் செய்து விற்றிருந்தது. இதை யாரும் சரிபார்க்கலாம்.

கேட்டது 1 லட்சம் டாலர், வந்தது 1 கோடிக்கு மேல். கொடுத்தவர்கள் சுமார் 69,000 பேர். செப்டம்பரில் தருவதாகச் சொன்னது 2013 ஜனவரியில்தான் கிளம்பியது. சின்ன அளவில் செய்தவர்களுக்கு இத்தனை ஆயிரம் புதுசு. அதனால் அறிமுகத்தில் "செய்திருக்கிறோம்" மட்டும் பத்தாது. எத்தனை செய்தோம் என்றும் சொல்லணும்.