இரண்டுக்கு இரண்டு அணி: எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது

பொறியியல் முதலாண்டு வகுப்பில் ஐகன் மதிப்புகள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் அறிமுகமாகின்றன. ஆசிரியர் கரும்பலகையில் நான்கு எண்கள் கொண்ட ஓர் அணியை எழுதுகிறார். மூலைவிட்டத்திலிருந்து λ-வைக் கழிக்கிறார். அணிக்கோவையைப் பூச்சியத்துக்குச் சமன்படுத்துகிறார். கிடைக்கும் இருபடிச் சமன்பாட்டின் இரண்டு மூலங்கள்தான் விடை. பத்து நிமிடத்தில் பாடம் முடிந்து, அடுத்த வகுப்பில் மூன்றுக்கு மூன்று அணி வந்துவிடுகிறது.

இரண்டுக்கு இரண்டு அணியை எடுத்துக்கொள்வது சரியான தேர்வு என்றே நான் கருதுகிறேன். அதைவிடச் சிறியதில் இந்தக் கருத்துக்கே இடமில்லை. பெரியதில் கணக்கின் நீளம் கருத்தை விழுங்கிவிடும். குறை இருப்பது, எந்த அணியை எடுக்கிறோம், எந்த வரிசையில் சொல்கிறோம் என்பதில்தான். இந்த அணியையே எடுத்துப் பார்க்கலாம்:

```
A = [  2  -1 ]
    [ -1   2 ]
```

அணிக்கோவையை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் வெறுமனே பெருக்குவோம். (1, 0) என்ற வெக்டரை A-யால் பெருக்கினால் (2, -1) வருகிறது. நீளமும் மாறியது, திசையும் மாறியது. (1, 1)-ஐப் பெருக்கினால் (1, 1) அப்படியே திரும்புகிறது. (1, -1)-ஐப் பெருக்கினால் (3, -3), அதாவது மூன்று மடங்கு நீண்டாலும் அதே கோட்டில் நிற்கிறது. எல்லா வெக்டர்களையும் திருப்பிவிடும் ஓர் அணி, இந்த இரண்டு கோடுகளை மட்டும் திருப்புவதில்லை. அந்தக் கோடுகள் ஐகன் வெக்டர்கள். நீட்சியின் அளவுகளான 1, 3 ஆகியவை ஐகன் மதிப்புகள். மூன்று பெருக்கல்களில் வரையறை முழுவதும் கண்முன் வந்துவிட்டது. வரைபடத் தாளில் அம்புகளாக வரைந்தும் காட்டலாம். சிறிய அணியின் முதல் பலம் இதுதான்.

இதற்குப் பிறகுதான் அணிக்கோவைக்கு இடம் வருகிறது. Ax = λx என்பதை (A − λI)x = 0 என்று எழுதினால், பூச்சியமல்லாத x ஒன்று கிடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு சமன்பாடுகளும் தனித்தனிச் செய்தி சொன்னால் x = 0 என்பது மட்டுமே தீர்வு. ஒன்று மற்றதன் மடங்காக மாறினால்தான் வேறு தீர்வு உண்டு; அந்த நிலையைக் கண்டுபிடிக்கும் கருவிதான் அணிக்கோவை. (2 − λ)² − 1 = 0 என்று எழுதினால் λ = 1, 3 என்று வருகிறது. λ = 3-ஐப் பொருத்தினால் இரண்டு நிரைகளும் −x − y = 0 என்று ஒரே செய்தியைச் சொல்கின்றன. மாணவர்கள் பலர் இந்த இடத்தில்தான் திகைக்கிறார்கள்: ஒரு சமன்பாடு வீணாகிவிட்டதே, எங்கோ தவறிவிட்டோமோ என்று. உண்மையில் அப்படி வீணாவதுதான் கணக்கு சரியாகப் போகிறது என்பதற்கு அடையாளம். இரண்டு நிரைகளும் ஒன்றின் மடங்காக மற்றொன்று வராமல் x = 0, y = 0 என்று முடிந்தால், கண்டுபிடித்த λ தவறு.

இரண்டாவது பலம், இந்த எண்களுக்கு ஓர் இயந்திரத்தில் உடல் உண்டு என்பது. இரண்டு சுவர்களுக்கு நடுவே சம நிறையுள்ள இரண்டு கட்டைகள் வரிசையாக இருக்கின்றன. இடச் சுவருக்கும் முதல் கட்டைக்கும் ஒரு ஸ்பிரிங், கட்டைகளுக்கு நடுவே ஒன்று, இரண்டாவது கட்டைக்கும் வலச் சுவருக்கும் ஒன்று. மூன்றின் விறைப்பும் k. இதற்கு இயக்கச் சமன்பாடு எழுதினால் நடுவே நிற்பது k மடங்கு A. இனி அணிக்கோவையே இல்லாமல் யோசிக்கலாம். இரண்டு கட்டைகளும் ஒரே பக்கம் ஒரே அளவு நகர்ந்தால் நடு ஸ்பிரிங் நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. ஒவ்வொரு கட்டையையும் இழுப்பது சுவர் ஸ்பிரிங் மட்டுமே: விறைப்பு k, ஆகவே மதிப்பு 1. எதிரெதிராக நகர்ந்தால் நடு ஸ்பிரிங் இரண்டு மடங்கு நீள்கிறது அல்லது சுருங்குகிறது. ஒவ்வொரு கட்டையும் உணரும் விறைப்பு k + 2k. மதிப்பு 3. அதிர்வெண் ஐகன் மதிப்பின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், இரண்டாவது வகை அதிர்வு முதலாவதைவிட √3, அதாவது ஏறக்குறைய 1.73 மடங்கு வேகமானது. ஒரு கட்டையை மட்டும் இழுத்துவிட்டால் இந்த இரண்டு அதிர்வுகளும் கலந்து வருகின்றன. இயக்கம் குழப்பமாகத் தெரிவது அதனால்தான். ஐகன் வெக்டர் என்பது குழப்பமான ஓர் இயக்கத்தைப் பிரித்தெடுக்க உதவும் எளிய பகுதி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

இத்தனையும் ஒரே சிறிய அணியில் இருக்க, வழக்கமான வகுப்பு இவற்றைத் தாண்டி நேராக அணிக்கோவைக்குப் போய்விடுகிறது. முதல் குறை இதுதான்: கேள்விக்கு முன்னால் செய்முறை வந்துவிடுகிறது. இதன் விளைவைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முதல் நிரை 4, 1 என்றும் இரண்டாம் நிரை 2, 3 என்றும் உள்ள ஓர் அணியைக் கொடுத்து, (3, 3) இதற்கு ஐகன் வெக்டரா என்று கேட்கலாம். வரையறை புரிந்தவர் ஒரே வரியில் பெருக்கி, (15, 15) வருவதைப் பார்த்து, ஆம், மதிப்பு 5 என்பார். செய்முறையை மட்டும் கற்றவர் λ-வைக் கழிக்கத் தொடங்குவார். கடைசியில் (1, 1) என்று கண்டுபிடித்துவிட்டு, கேட்டது (3, 3) ஆயிற்றே என்று தயங்கவும் கூடும். ஒரு கோட்டின் மேல் உள்ள எந்தப் புள்ளியும் அந்தக் கோட்டைக் குறிக்கும் என்பது அவர் கண்ணில் படவே இல்லை.

இதே குறையிலிருந்து இன்னொரு தவறும் பிறக்கிறது. சமன்பாடுகளைத் தீர்க்க நிரை உருமாற்றம் பழகியவர்கள், A-யை முதலில் எளிமையாக்கிவிட்டு மூலைவிட்டத்தைப் படித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். நம் அணியில் முதல் நிரையின் பாதியை இரண்டாம் நிரையோடு கூட்டினால் மூலைவிட்டத்தில் 2, 1.5 என்று வரும். பெருக்கினால் 3, அணிக்கோவையோடு பொருந்துவதால் விடை சரி என்றே தோன்றும். ஆனால் கூட்டினால் 3.5. ஐகன் மதிப்புகளின் கூடுதல் பழைய மூலைவிட்டத்தின் கூடுதலான 4 ஆக இருந்தாக வேண்டும். நிரை உருமாற்றம் சமன்பாட்டின் தீர்வைக் காக்கும். ஐகன் மதிப்பைக் காக்காது. கூடுதல், பெருக்கல் என்ற இரண்டு சோதனைகளையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தால் இந்தத் தவறு உடனே பிடிபடும்.

இரண்டாவது குறை, தேர்ந்தெடுக்கும் அணியின் நல்ல குணம். A சமச்சீரானது. சமச்சீர் அணிகளுக்கு ஐகன் மதிப்புகள் எப்போதும் மெய்யெண்கள். ஐகன் வெக்டர்களைச் செங்குத்தாகத் தேர்ந்தெடுக்க முடியும். அவை வேண்டிய எண்ணிக்கையிலும் கிடைக்கும். வகுப்பில் இத்தகைய அணிகளையே பார்ப்பவர், எல்லா அணிகளும் இப்படித்தான் என்று முடிவு செய்துவிடுகிறார். மேலே சொன்ன 4, 1, 2, 3 அணியிலேயே இது உடைகிறது: (1, 1), (1, -2) என்ற அதன் ஐகன் வெக்டர்கள் செங்குத்தாக இல்லை. 90 பாகை திருப்பும் அணிக்கு λ² + 1 = 0; திரும்பாத மெய்க் கோடே அதில் இல்லை, கலப்பெண்கள்தான் விடை. இந்த அணியோ இன்னும் கடுமையானது:

```
B = [ 2  1 ]
    [ 0  2 ]
```

இதற்கு 2 என்ற மதிப்பு இரண்டு முறை வருகிறது. ஆனால் (1, 0) என்ற ஒரே கோடுதான் உண்டு. இரண்டு எளிய பகுதிகளாகப் பிரிக்கும் வழியே இங்கு இல்லை.

B-யின் கீழ் இடது மூலையில் உள்ள 0-வை 0.0001 ஆக மாற்றிப் பார்க்க வேண்டும். சமன்பாடு (2 − λ)² = 0.0001 என்றாகி, மதிப்புகள் 2.01, 1.99 என்று பிரிகின்றன. உள்ளே செய்த மாற்றத்தைப் போல விடையின் மாற்றம் 100 மடங்கு. A-யின் சமச்சீரைக் காத்துக்கொண்டு அதன் உறுப்புகளை அதே அளவு அசைத்தால், விடையும் ஏறக்குறைய அந்த அளவே அசையும். அளவீட்டுக் கருவியிலிருந்து வரும் எண்களை அணியில் நிரப்பப்போகும் பொறியாளர், இந்த வேறுபாட்டை அறியாமல் தன் விடையை நம்பக் கூடாது. இதைக் காட்டவும் நான்கு எண்கள் போதும் என்பதால், குறையைச் சிறிய அணியின் மேல் சுமத்த முடியாது.

மூன்றாவது குறை மட்டும் அளவைச் சார்ந்தது. இரண்டுக்கு இரண்டில் பழகும் செய்முறை பெரிய அணிகளுக்குப் போகாது. ஐந்தாம் படியிலிருந்து பொதுவான பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கு மூலம் காணும் சூத்திரம் இல்லை என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஆபெல் நிறுவிய உண்மை. சூத்திரம் இல்லாவிட்டாலும் தோராயமாகத் தீர்க்கலாமே என்றால், அதற்கும் தடை உண்டு. 1 முதல் 20 வரை முழு எண்களை மூலங்களாகக் கொண்ட பல்லுறுப்புக்கோவையை ஆராய்ந்தவர் ஜேம்ஸ் வில்கின்சன். அதில் x-இன் 19-ஆம் படிக்கு முன்னால் நிற்கும் எண் −210. அதை ஒரு கோடியில் ஒன்று என்ற அளவுக்குச் சற்றே மாற்றினால், இருபது மூலங்களில் பத்து கலப்பெண்களாகிவிடுகின்றன. பல்லுறுப்புக்கோவை வழியாகப் போவது பெரிய கணக்குகளில் இப்படிக் காலை வாரிவிடும்.

கணினிகள் அதனால்தான் அந்த வழியில் போவதில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஜான் பிரான்சிஸும் வேரா குப்லனோவ்ஸ்கயாவும் தனித்தனியே உருவாக்கிய QR முறையே முழு அணிகளுக்கான நிலையான வழி. மேட்லேப் மென்பொருளின் `roots` கட்டளை நேர் எதிராகவே செய்கிறது: பல்லுறுப்புக்கோவையை ஓர் அணியாக மாற்றி, அதன் ஐகன் மதிப்புகளைக் கண்டு, அவற்றையே மூலங்களாகத் தருகிறது. வகுப்பில் சொன்ன திசைக்கு மாறான இந்தத் திசையை மாணவர் வகுப்பிலேயே கேள்விப்பட வேண்டும்.

அந்தத் திசையின் விதையும் நம் சிறிய அணியில் கிடக்கிறது. (1, 0)-ஐ A-யால் ஐந்து முறை அடுத்தடுத்துப் பெருக்கினால் (122, -121) கிடைக்கும். (1, 0) என்பது (1, 1)-இன் பாதியும் (1, -1)-இன் பாதியும் சேர்ந்தது. முதல் பாதி அப்படியே நிற்க, இரண்டாம் பாதி 243 மடங்காகிவிட்டது. எதையும் தீர்க்காமலே, வெறும் பெருக்கல் மட்டும் பெரிய மதிப்பின் கோட்டை நோக்கி நம்மை இழுத்துச் சென்றுவிட்டது. மிகப் பெரிய அணிகளுக்குப் பயன்படும் முறைகள் பலவற்றின் அடிப்படை இந்த எளிய செயல்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. இரண்டுக்கு இரண்டு அணி இருக்கட்டும். ஆனால் ஒன்று போதாது, நான்கு வேண்டும்: சமச்சீர் ஒன்று, செங்குத்தில்லாதது ஒன்று, சுழற்றுவது ஒன்று, ஒரே கோடு மட்டும் உள்ளது ஒன்று. ஒவ்வொன்றிலும் பெருக்கல் முதலிலும் அணிக்கோவை பிறகும் வர வேண்டும். அணிக்கோவை கையால் செய்யும் சிறிய கணக்குகளுக்கான கருவி என்று அதே வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இதற்குக் கூடுதலாக ஒரு வகுப்பு நேரம் ஆகலாம். மூன்றுக்கு மூன்று அணியில் முப்படிச் சமன்பாட்டைத் திரும்பத் திரும்பத் தீர்க்கச் செலவாகும் நேரத்திலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பயிற்சி வளர்ப்பது இயற்கணிதத் திறனைத்தான், ஐகன் மதிப்பைப் பற்றிய புரிதலை அல்ல.