ஐந்து பேர் நின்றார்கள், மூன்று பேர் ஒட்டப்பட்டார்கள்: ஒரு பொங்கல் வாழ்த்துப் படத்தைப் படித்தல்

பொங்கல் வந்தால் எல்லா வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் இப்படி ஒரு படம் சுற்றும். கரும்பு, பானை, நடுவில் குடும்பம், கீழே வாழ்த்து. குடும்பத்தில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பார்கள், ஆனால் படத்தில் எல்லோரும் ஒரே தரையில் நிற்பார்கள். மாத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் படத்தை அவர்கள் அனுமதியோடு எடுத்துக்கொள்கிறேன். மூலப் படங்களையும் கொடுத்தார்கள். பெயர்கள் தேவையில்லை.

பின்னணி அவர்கள் வீட்டு மொட்டை மாடி. நேரம் காலை பத்தரை, கேமரா கிழக்கே பார்க்கிறது, தூரத்தில் மணலி ஆலைகளின் புகைபோக்கிகள். உண்மையிலேயே அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர்: பாட்டி, அப்பா, அம்மா, கடைசி மகன், அவர் மனைவி. ஒட்டப்பட்டவர்கள் மூன்று பேர்: துபாயிலிருந்து பெரியவர், சிங்கப்பூரிலிருந்து நடு மகன், டொராண்டோவிலிருந்து மகள்.

வெட்டிய வேலை சுத்தம். முடி ஓரத்தில் வெள்ளைக் கோடு இல்லை, புடவை விளிம்பு பிசிறவில்லை. ஆனாலும் பார்த்த உடனே "ஏதோ சரியில்ல" என்று தோன்றுகிறது. ஏன்? பலரும் வெட்டும் இடத்தில் குறை தேடுகிறார்கள். என் வாதம், இந்த மாதிரிப் படங்கள் எடுக்கும் இடத்திலேயே கெட்டுவிடுகின்றன என்பது. வெட்டுவதும் ஒட்டுவதும் அதற்குப் பிறகு வரும் வேலை.

பெரியவர் ஏன் ஆறரை அடி?

முதலில் கண்ணில் படுவது துபாய் அண்ணன். நிஜத்தில் அவர் 170 சென்டிமீட்டர், ஐந்தடி ஏழு அங்குலம். படத்தில் பூதம் மாதிரி நிற்கிறார். இதைக் கண்ணால் மட்டும் சொல்ல வேண்டியதில்லை, கணக்குப் போட்டே காட்டலாம்.

மாடியில் தட்டோடு பதித்திருக்கிறது. நம்மைவிட்டு விலகிப் போகும் ஓட்டுக் கோடுகளைப் படத்தில் நீட்டினால் எல்லாம் ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளி வழியாகப் போகும் படுக்கைக் கோடுதான் அடிவானம். கேமராவை நேராகப் பிடித்திருந்தால், அடிவானம் சமதரையில் நிற்கும் எல்லோரையும் கேமரா இருந்த உயரத்திலேயே வெட்டும். முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் இதில் மாற்றம் இல்லை. இந்தப் படத்தை எடுத்தது பக்கத்து வீட்டுப் பையன். கோடு அங்கே நின்ற எல்லோருக்கும் நெஞ்சருகில் போகிறது, தரையிலிருந்து சுமார் 120 சென்டிமீட்டர் உயரத்தில்.

இதை வைத்து எந்த இடத்தில் நிற்கும் ஆளும் எத்தனை பிக்சல் உயரம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம்:

```
படத்தில் உயரம் = (அடிவானம் முதல் பாதம் வரை) × ஆளின் உயரம் / கேமரா உயரம்
900 × 170 / 120 = 1275
```

அண்ணனின் பாதம் அடிவானத்துக்கு 900 பிக்சல் கீழே இருக்கிறது. அப்படியானால் அவர் 1275 பிக்சல் இருக்க வேண்டும். வாழ்த்தில் அவர் 1500. திருப்பிப் போட்டால் 200 சென்டிமீட்டர், அதாவது ஆறரை அடி! ஒட்டியவர் தலைகளை ஒரே வரிசையில் கொண்டுவரப் பார்க்காமல், பாதத்தையும் அடிவானத்தையும் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. அதே ஆளைப் பின்னால் தள்ளி, பாதம் 600 பிக்சலில் வரும்படி நிறுத்தினால் 850 போதும்.

அளவைச் சரிசெய்தாலும் இன்னொன்று மிஞ்சும். துபாயில் அவரை எடுத்தவர் தன் கண் உயரத்தில் போனைப் பிடித்து, கீழ்நோக்கிச் சாய்த்திருக்கிறார். அதனால் செருப்பின் மேற்பக்கம் நன்றாகத் தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் தம்பியின் பாதம் அப்படித் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே தரையில் இல்லை என்று பாதம் சொல்லிவிடுகிறது. இதற்குக் கணினியில் மருந்து கிடையாது, படத்தைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

முகமும் முந்தானையும்

டொராண்டோ மகள் அனுப்பியது செல்ஃபி. கை நீளம் ஐம்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூக்கு நுனியிலிருந்து காது வரை ஆழம் சுமார் 12 சென்டிமீட்டர். அப்போது காதோடு ஒப்பிட்டால் மூக்கு 24 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். குழுப்படம் மாதிரி மூன்று மீட்டரிலிருந்து எடுத்தால் அதே வித்தியாசம் வெறும் 4 சதவீதம். அதனால்தான் அந்த முகம் மற்ற முகங்களோடு சேரவே இல்லை. அளவு, நிறம் எல்லாம் சரி. ஆனால் அது அரை மீட்டர் தூரத்து முகம்.

இன்னொரு துப்பு முந்தானை. அம்மாவுக்கும் மருமகளுக்கும் முந்தானை இடது தோளில். மகளுக்கு மட்டும் வலது தோளில். முன்பக்கக் கேமராக்கள் பல, கண்ணாடி பிம்பமாகவே படத்தைச் சேமிக்கும். சில சமயம் ஒட்டுபவர்களே வெளிச்சத் திசையைப் பொருத்துவதற்காகப் படத்தைத் திருப்பிப் போடுவதும் உண்டு. வெளிச்சம் சரியாகும், முந்தானை மாறிவிடும். ஆண்களுக்குச் சட்டைப் பொத்தான் காட்டிக்கொடுக்கும். நம் வீட்டுப் பெண்கள் இந்தக் குறையை ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள், நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.

மூன்று ஊர்ச் சூரியன்

மாடியில் இருந்த ஐந்து பேருக்கும் சூரியன் பின்னால், வலப்பக்கம். நிழல் நம்மை நோக்கி, கொஞ்சம் இடப்பக்கமாக விழுகிறது. ஜனவரியில் சென்னையில் பத்தரை மணிக்குச் சூரியன் 45 டிகிரியை ஒட்டி இருப்பதால் நிழலும் ஏறக்குறைய ஆள் உயரம். ஒட்டிய மூன்று பேருக்கும் தரையில் நிழலே இல்லை, பாதத்துக்குக் கீழே வர வேண்டிய சின்னக் கருமைகூட இல்லை. மிதக்கிறார்கள். சிங்கப்பூர் மகன் நண்பகலில் எடுத்திருக்கிறார். அங்கே அப்போது சூரியன் 60 டிகிரிக்கு மேல், கண்குழியெல்லாம் இருட்டு.

பொருத்த முடியாதா என்றால், முடியும். பொங்கலை ஒட்டிய நாட்களில் டொராண்டோவில் உச்சி வேளையிலேயே சூரியன் சுமார் 25 டிகிரிதான் ஏறும். சென்னையில் அதே உயரம் காலை எட்டரைக்கு, துபாயில் ஒன்பது இருபதுக்கு, சிங்கப்பூரில் ஒன்பது மணிக்கு. நாலு ஊரிலும் அந்தந்த நேரத்தில், சூரியன் ஒரே பக்கம் இருக்கும்படி நின்றால் நிழல் நீளம் ஒத்துப்போகும். ஆனால் ஜனவரி டொராண்டோவில் பட்டுப்புடவையோடு வெளியே நிற்கச் சொல்வது பாவம். அதைவிட எளிது, எல்லோரும் வீட்டுக்குள்ளே, நேர் வெயில் படாத ஒரு பெரிய ஜன்னலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு எடுப்பது. நிழல் மெல்லியதாக இருந்தால் பொய்யும் மெல்லியதாக இருக்கும்.

பழைய ஆட்கள் எப்படிச் செய்தார்கள்

இந்த வேலை கணினியோடு பிறந்ததல்ல. 1857இல் ஆஸ்கார் ரைலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் அச்சிட்டார். 1870இல் மாண்ட்ரியலில் வில்லியம் நோட்மன், பனிச்சறுக்குக் கேளிக்கை ஒன்றுக்கு வந்தவர்களைத் தனித்தனியாகத் தன் ஸ்டுடியோவில் எடுத்து, வெட்டி, வரைந்த பின்னணியில் ஒட்டினார். கவனிக்க வேண்டியது, அவர் ஆட்களைத் தன் ஸ்டுடியோவுக்கு வரவழைத்து நிறுத்தி எடுத்தார். கிடைத்த படங்களை வைத்து ஒப்பேற்றவில்லை. நம் குடும்பங்கள் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் படங்கள் வருகின்றன, பிறகுதான் இடம் தேடுகிறார்கள்.

நோட்மன் வழியில் போனால் குழுவில் அனுப்ப வேண்டியது நாலு வரிதான்: "போனை நெஞ்சு உயரத்தில், சாய்க்காமல் நேராகப் பிடிக்கணும். மூணு மீட்டர் தள்ளி வேற யாராவது எடுக்கணும். ஜன்னல் உங்க இடப்பக்கம். தலையிலிருந்து பாதம் வரை தெரியணும், அனுப்பும்போது டாக்குமென்டா அனுப்புங்க." அதோடு பழைய ஸ்டுடியோ குழுப்படத்தின் வரிசையையே வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் முன்னால் நாற்காலியில், பிள்ளைகள் பின்னால் நின்று. முறைப்படியும் சரி, ஒட்டப்பட்டவர்களின் பாதமும் நிழலும் நாற்காலிக்குப் பின்னால் மறைந்துவிடும். தோளில் கை போடுவதை மட்டும் கைவிடணும். தொடாத கையைத் தொட்டதாகக் காட்டுவது ரொம்பக் கஷ்டம்.

சரியாகச் செய்தால் பிரச்சினை தீருமா?

கிறிஸ்டோபர் பின்னி 1997இல் வந்த ‘கேமரா இண்டிகா’ நூலில் மத்தியப் பிரதேசத்து நாக்டா ஊர் ஸ்டுடியோக்களை ஆராய்ந்தார். நம் நாட்டில் ஸ்டுடியோ படம் நடந்ததைப் பதிவதற்கு மட்டுமல்ல, நடக்க முடியாததைக் காட்டவும்தான் என்பது அவர் பார்வை. எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஸ்டுடியோத் திரையில் வரைந்த ஏரியும் மாளிகையும் "இது திரை" என்று தாமே சொல்லிவிடும். சொந்த மொட்டை மாடி அப்படிச் சொல்லாது. "இந்தப் பொங்கலுக்கு எல்லாரும் வந்தாங்க" என்றுதான் சொல்லும்.

இந்தப் படத்தைப் போனில் காட்டியபோது பாட்டி கேட்டாராம்: "பெரியவன் எப்ப வந்தான்? என்னைப் பாக்காமலே போயிட்டானா?" தட்டோட்டுக் கணக்கெல்லாம் இதற்கு முன்னால் சின்ன விஷயம். ஒட்டு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக அது பாட்டியை ஏமாற்றும். டொராண்டோ மகளுக்கும் வருத்தம். வேறு எதற்கோ அனுப்பிய செல்ஃபியை அவரைக் கேட்காமலே எடுத்துவிட்டார்கள்.

அதற்காக ஒட்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிக்கூட, அலுவலகக் குழுப்படங்களின் அடியில் ஒரு பட்டியல் இருக்குமே, "அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்" என்று, அதைத் திரும்பக் கொண்டுவரலாம். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஊரும், படம் எடுத்த நேரமும்: மாத்தூர், காலை 8.30. துபாய், காலை 9.20. சிங்கப்பூர், காலை 9.00. டொராண்டோ, பகல் 12.00. படம் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தும், யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பட்டியல் சொல்லும். பாட்டிக்கு யாராவது அதைப் படித்துக்காட்டினால் போதும். அண்ணன் பார்க்காமல் போய்விட்டதாக அவர் நினைக்க மாட்டார், துபாயில் ஒரு காலையில் தனக்காகச் சட்டை மாற்றிக்கொண்டு நின்றான் என்று நினைப்பார்.