கனவில் யார் யாரைத் தேடிப் போவது?

தூங்கப் போகிறவரிடம் காதலர்கள் சொல்லும் வாழ்த்துகளில் பல கனவைப் பற்றியவை. கிரேக்கர்கள் இனிப்பான கனவுகள் வரட்டும் என்பார்கள். இத்தாலியிலும் இஸ்ரேலிலும் கனவுகள் பொன்னால் ஆனவை. ஸ்பானிய மொழியில் குட்டித் தேவதைகளைக் கனவில் காணச் சொல்வார்கள். இவற்றையெல்லாம் தாய் பிள்ளைக்கும் சொல்லலாம். சொல்கிறவர் அந்தக் கனவுக்குள் இல்லை. கொரியக் காதலர்களோ தயக்கமில்லாமல் 'என்னைக் கனவில் காண்' என்று கேட்டுவிடுகிறார்கள். ஒருவர் இன்னொருவரின் தூக்கத்துக்குள் போக முடியும் என்ற இந்த எண்ணம் மிகப் பழையது. அதன் வரலாறு ஜப்பானியக் கவிதையில் தெளிவாகக் கிடைக்கிறது.

எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'மன்யோஷூ'வில் 4,500க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அவற்றில் பல காதல் பாடல்கள் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கின்றன: ஒருவர் நம்மை ஆழமாக நினைத்தால், அவர் நம் கனவில் வருவார். ஆகவே கனவு, கண்டவரின் ஏக்கத்தைவிட, வந்தவரின் ஏக்கத்துக்கே சாட்சி. ஒரு பெண் தன் காதலனுக்கு எழுதும் பதிலில், நீ இப்படி ஓயாமல் நினைப்பதால்தான் கனவில் வந்து வந்து என் தூக்கத்தைக் கெடுக்கிறாய் என்கிறாள். புகார் போலத் தெரிந்தாலும் அதில் பெருமிதம் இருக்கிறது. அவன் அன்பு உண்மை என்பதற்கு அவளுடைய கெட்டுப்போன தூக்கமே அத்தாட்சி.

அதே நூலின் பதினோராம் தொகுதியில் கேள்வியும் பதிலுமாக இரண்டு பாடல்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஏக்கம் தாளாத ஆண், தன் வெள்ளை ஆடையின் கைப்பகுதியை மடித்துத் திருப்பிவிட்டுப் படுத்திருக்கிறான். அப்படிச் செய்தால் காதலியின் கனவில் தோன்றலாம் என்பது அக்கால நம்பிக்கை. பிறகு அவளைக் கேட்கிறான்: நான் உன் கனவில் தெரிந்தேனா? அவள் சொல்லும் பதில், நேரில் சந்தித்தது போலவே இருந்தது, நீங்கள் கையைத் திருப்பிய இரவின் கனவுதான் அது போலும் என்பது. இந்த ஜோடிக்கு இணையாக நான் வேறெதையும் வைக்கமாட்டேன். ஒருவரின் ஆடையில் நடந்த சிறு காரியம் வேறொரு வீட்டில் படுத்திருப்பவரின் உறக்கத்தில் பலித்துவிட்டது என்பதை இருவரும் சேர்ந்து சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

சுமார் நூறாண்டு கழித்து இந்தத் திசை மாறுகிறது. 905ஆம் ஆண்டையொட்டி அரசாணையால் தொகுக்கப்பட்ட 'கொக்கின்ஷூ'வின் பன்னிரண்டாம் தொகுதி, ஓனோ நோ கொமாச்சி என்ற பெண் கவிஞரின் மூன்று கனவுப் பாடல்களோடு தொடங்குகிறது. முதல் பாடலில், நினைத்துக்கொண்டே தூங்கியதால்தான் அவன் தெரிந்தானோ என்று ஐயப்படுகிறாள். கனவென்று தெரிந்திருந்தால் விழித்திருக்கமாட்டேன் என்கிறாள். இப்போது கனவுக்குக் காரணம் அவளுடைய நினைப்பு. இரண்டாவதில் ஒரு குட்டித் தூக்கத்தில் அவனைக் கண்டதிலிருந்து கனவை நம்பத் தொடங்குகிறாள். மூன்றாவதில், ஏக்கம் பொறுக்காத இரவில் ஆடையை உள்வெளியாகத் திருப்பி உடுத்துகிறாள். பழைய வழக்கத்தின் சாயல்தான். ஆனால் மன்யோஷூவின் ஆண், அவள் கனவில் தோன்றத் திருப்பினான். கொமாச்சி திருப்புவது தன் கனவில் அவனைக் காண்பதற்கு என்றே உரைகாரர்கள் கொள்கிறார்கள். அவன் நினைக்கிறானா என்பது அவளுக்குத் தெரியாது. கனவு இனி அவனைப் பற்றி எதையும் உறுதி செய்யாது. அந்தத் தனிமைதான் இப்பாடல்களை இவ்வளவு கூர்மையாக்குகிறது.

கனவு ஒருபுறமிருக்க, நேரில் வந்த காதலனுக்கும் ஜப்பானில் ஒரு கடமை இருந்தது. ஹெய்யான் காலத்து அரண்மனை வட்டத்தில் ஆண் இரவில் வந்து விடியுமுன் போய்விடுவான். சேர்த்துப் போர்த்திய ஆடைகளை அவரவர் பிரித்து உடுத்தும் அந்த நேரத்துக்குக் 'கினுகினு' என்று பெயர். வீடு திரும்பியதும் தாமதமின்றி ஒரு பாடல் எழுதி அனுப்ப வேண்டும். பனித்துளி, மூடுபனி, விடிந்தும் மறையாத நிலா என்று வானிலையும் பொழுதும் அதில் பிரிவுத் துயரைச் சுமந்தன. கடிதம் வரத் தாமதித்தாலோ, அவன் ஆர்வம் குறைந்துவிட்டதென்று அவள் அறிந்துகொள்வாள்.

நம் குறளில் 'கனவுநிலை உரைத்தல்' என்ற 122ஆம் அதிகாரத்தைக் கொமாச்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே கனவு காதலரின் தூதோடு வந்திருக்கிறது; அதற்கு என்ன விருந்து வைப்பது என்று தலைவி திகைக்கிறாள். அடுத்த குறளில் தன் கண்களிடம் தூங்கும்படி கெஞ்சுகிறாள்: தூங்கினால், தான் இன்னும் உயிரோடிருப்பதைக் கனவில் அவரிடம் சொல்லிவிடலாம். மன்யோஷூ ஆண் தோன்ற விரும்பினான், கொமாச்சி காண விரும்பினாள், குறளின் தலைவிக்கோ பேச வேண்டும். மூன்றிலும் எனக்கு இவளுடைய தேவையே ஆழமானதாகப் படுகிறது.

காமத்துப்பாலைப் பள்ளிப் பாடத்தோடு விட்டுவிட்டவர்கள் இந்தப் பத்துக் குறள்களையாவது வரிசை மாறாமல், ஒரே பெண்ணின் ஒரே இரவாக, ஒருமுறை படித்துப் பாருங்கள்.