திருத்திய மனுவில் தொலைந்துபோகும் கணக்கு

காட்டாக்கடை தாலுகாவின் மலையோரத்தில் இருக்கும் ஒற்றசேகரமங்கலத்திலும், தெற்கே பாறசாலைவரை உள்ள எல்லை ஊர்களிலும் ஒரு பழக்கம் உண்டு. வாழையோ மரச்சீனியோ போட்டவர் வங்கிக் கடனுக்குத் தவணை கேட்க வேண்டி வந்தால், வாயில் வருகிற தமிழில் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு எழுத்துத் தெரிந்த ஒருவரிடம் போவார். அவர் ஓய்வுபெற்ற வாத்தியாராகவோ, அட்சயா மையத்தில் தட்டச்சு செய்பவராகவோ இருப்பார். தாள் திருந்திய நடையில், பெரும்பாலும் மலையாளத்தில், திரும்பி வரும். விவசாயி கையெழுத்துப் போட்டுக் கிளையில் கொடுப்பார். இந்தத் திருத்தம் அவருக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை ஒரு மாதிரியை வைத்துப் பார்க்கலாம். கீழே உள்ள வரைவு விளக்கத்துக்காக நான் எழுதியது.

“சாரே, இந்த மேடத்துல வந்த காத்துல ஏத்தன்வாழ நானூறுல இருநூத்தம்பது ஒடிஞ்சு போச்சு. கொல முத்தல. விள பாட்டத்துக்கு எடுத்தது. பாங்குல வாங்குனது ஒரு லட்சம். இப்ப முழுசும் கெட்ட முடியாது. மிச்ச கொலய ஓணத்துக்கு வெட்டுனா இருவதாயிரம் கெட்டுவேன். பாக்கி அடுத்த வருசம் தாறேன். பலிசயில கூடுதல் போட்டது போல தோணுது, அதயும் நோக்கணும்.”

இது திருந்தி வரும்போது பெரும்பாலும் இப்படி ஆகிறது: “நான் தங்கள் வங்கியில் வேளாண் கடன் பெற்றுள்ளேன். இயற்கைச் சீற்றத்தால் என் நிலத்தில் இருந்த பயிர் பெருமளவில் அழிந்து, மிகுந்த பொருளாதார நெருக்கடியில் உள்ளேன். தங்கள் கணக்கின்படி உள்ள முழுத் தொகையையும் செலுத்தக் கடமைப்பட்டுள்ளேன். கருணை கூர்ந்து கால அவகாசம் வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.”

திருத்தியவருக்கு உரிய மதிப்பை முதலில் தர வேண்டும். வரைவில் இல்லாத கடன் கணக்கு எண்ணைக் கேட்டு மேலே போடுகிறார். யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்ற மூன்றும் முதல் பார்வையிலேயே தெரிகின்றன. கிளையில் முடிவெடுக்க அதிகாரம் இல்லாமல் மனு மேலலுவலகம் போனால், அங்கே அந்த விவசாயியின் முகத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. தாள் ஒன்றுதான் அவருக்காகப் பேசும். பேச்சுத் தமிழில் எழுதியதைப் படிக்கத் தெரியாத அதிகாரியிடம் அது போகவும் கூடும். ஆகவே திருத்தம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் மேலே உள்ள இரண்டு தாள்களில் வங்கிக்குப் பயன்படும் செய்தி முதலாவதில்தான் இருக்கிறது. நானூறில் இருநூற்றைம்பது என்றால் அறுபத்திரண்டரை சதவீத இழப்பு. இயற்கைப் பேரிடரில் வங்கிகள் தர வேண்டிய நிவாரணம் பற்றி ரிசர்வ் வங்கி 2018 அக்டோபரில் தொகுத்து வெளியிட்ட நெறிகளில், பயிர் இழப்பு 33 சதவீதமாவது இருந்தால்தான் கடனை மாற்றியமைக்க வழி. இழப்பு 33க்கும் 50க்கும் இடையில் என்றால், ஓராண்டுத் தவணை விலக்கையும் சேர்த்து அதிகபட்சம் 2 ஆண்டுகள். 50 அல்லது அதற்கு மேல் என்றால், அதே ஓராண்டு விலக்கோடு 5 ஆண்டுகள்வரை. “பெருமளவில் அழிந்து” என்று எழுதியவர் இரண்டாண்டுக்கும் ஐந்தாண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அழித்துவிட்டார். “மேடத்துல” என்ற மாதமும் போய்விட்டது. அந்த நெறிகள் அரசு பேரிடர் என்று அறிவித்த பகுதிக்கே பொருந்தும். எந்த நாள், எந்த ஊர் என்று தெரியாத “இயற்கைச் சீற்ற”த்தை எந்த அறிவிப்போடும் ஒப்பிட முடியாது. கிருஷி பவன் அலுவலர் பார்த்து எழுதிய சேதச் சான்றோடும் அது ஒட்டாது.

“விள பாட்டத்துக்கு எடுத்தது” என்ற வரி “என் நிலத்தில்” என்று மாறியது இன்னும் கவலை தருவது. கேரளத்தில் புதிதாகக் குத்தகை உருவாக்குவதை 1963ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் தடுக்கிறது. அதனால் வாழைக்குப் பாட்டம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். திருத்துபவர் இதை மறைப்பது நல்லெண்ணத்தால் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கள ஆய்வுக்கு வரும் அதிகாரி கரம் அடைத்த ரசீதைக் கேட்டால் அதில் வேறொருவர் பெயர் இருக்கும். அதுவரை உண்மையாக இருந்த இழப்பும் அந்த ஒரு பொய்யால் சந்தேகத்துக்கு உள்ளாகும். கடன் விண்ணப்பத்தில் நிலம் பற்றி என்ன சொல்லியிருந்தாரோ அதைப் பார்த்துவிட்டு எழுதுவதுதான் சரி. பார்க்க முடியாவிட்டால் “நான் பயிர் செய்த விளையில்” என்று நிறுத்திக்கொள்ளலாம். அதில் பொய் இல்லை.

அடுத்தது, வரைவில் இல்லாமல் திருத்தத்தில் நுழைந்த வாக்கியம்: “முழுத் தொகையையும் செலுத்தக் கடமைப்பட்டுள்ளேன்.” பணிவுக்காகச் சேர்த்தது இது. காலவரையறைச் சட்டம் 1963இன் 18ஆம் பிரிவின்படி, கெடு முடியும் முன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால், வங்கி வழக்குத் தொடரும் கெடு அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். தவணை கேட்கும் எந்த மனுவிலும் ஓரளவு ஒப்புதல் இருக்கத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் “தங்கள் கணக்கின்படி முழுத் தொகை” என்பது அந்தக் கணக்கையே ஏற்பதாகவும் படிக்கப்படும். வரைவில் பலிசையைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்தது. மரியாதைக்குறைவு என்று அது நீக்கப்பட்டது. “வட்டிக் கணக்கின் விவரம் தந்து உதவுங்கள்” என்று எழுதியிருந்தால் மரியாதையும் இருந்திருக்கும், கேள்வியும் உயிரோடு இருந்திருக்கும். கடன் அட்டையில் வாங்கிய பயிர்க்கடனுக்கு உரிய நாளில் கட்டினால் வட்டி 4 சதவீதமாகக் குறையும், நாள் தவறினால் அந்தச் சலுகை போய்விடும். கூடுதலாகத் தோன்றியது இதனாலாகவும் இருக்கலாம். கேட்காமல் தெரியாது.

வரைவில் இருந்த மிக வலுவான வரி ஓணத்தைப் பற்றியது. ஐப்பசி வாக்கில் நட்ட ஏத்தன் ஓணச் சந்தைக்கு வரும், அப்போது விலையும் கிடைக்கும். மிஞ்சிய நூற்றைம்பது குலையை நம்பி இருபதாயிரம் கட்டுவேன் என்பது தேதியும் தொகையும் உள்ள ஒரு திட்டம். வங்கி மேலாளர் மேலே எழுதும் குறிப்பில் அப்படியே எடுத்துப் போடக்கூடியது. அதற்குப் பதில் வந்த “கருணை கூர்ந்து” என்பதை அவர் எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியாது.

வரைவை எழுதியவரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டுத் திருத்தினால் மனு இப்படி வரும்: “இந்த ஆண்டு மேட மாதம் (தேதி) வீசிய காற்றில், இந்தக் கடனில் நான் பயிர் செய்த 400 ஏத்தவாழையில் 250 குலை முற்றும் முன் ஒடிந்தன. கிருஷி பவன் சான்று இணைத்துள்ளேன். காற்று வீசிய நாளில் என் கணக்கில் தவணை பாக்கி இல்லை. ஓண அறுவடையில் 20,000 ரூபாய் கட்டுகிறேன். மீதியை அடுத்த அறுவடைகளில் கட்டும்படி தவணையை மாற்றியமைக்க வேண்டுகிறேன். வட்டிக் கணக்கின் விவரமும் தந்து உதவுங்கள்.” நீளம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது.

“பாக்கி இல்லை” என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். பேரிடர் நாளுக்கு முன்பே தவணை தவறிய பயிர்க்கடனுக்கு அந்த ரிசர்வ் வங்கி நெறிகளில் மாற்றியமைப்பு கிடையாது. அறிவிப்பு வராத ஊரிலும் அதே நிலைதான். அங்கே வங்கி தன் முடிவில் தவணையை மாற்றினாலும் கணக்கு வாராக்கடன் வகைக்கு இறங்கக்கூடும். அறிவிப்பு வந்த பிறகும் சிக்கல் உண்டு. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் ஓராண்டுத் தவணை விலக்கு கிடைத்தது. 2019 மார்ச்சில் மாநில அமைச்சரவை அதை அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீட்டிக்க முடிவு செய்தது, ரிசர்வ் வங்கி அதற்கு இணங்கவில்லை. விலக்குக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதைத் திருத்துபவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவணை கேட்பவர்களில் பலர் வட்டியும் நிற்கும் என்று நினைத்துத்தான் கையெழுத்திடுகிறார்கள்.

மலையாளத்தில் தட்டச்சான தாளைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் கையெழுத்திடும் முன், வரி வரியாக அவருக்குப் படித்துக் காட்ட அரைமணி நேரம் போதும். “என் நிலத்தில்” என்ற இடம் வந்ததும் அவரே நிறுத்தி, அது பாட்டத்துக்கு எடுத்த விளை என்று சொல்லிவிடுவார். பிறகு இரண்டு படி எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கி, மூல வரைவோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.