ஆள் வந்தார், லிஃப்ட் ஓடவில்லை

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழுவில் லிஃப்ட் ஏ.எம்.சி.யைப் புதுப்பிக்கும் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். போன வருடத்தைவிட எவ்வளவு கூட்டியிருக்கிறார்கள் என்று கேட்பார்கள். கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். ஒப்பந்தத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது லிஃப்ட் நின்ற பிறகுதான் வாசிக்கப்படுகிறது.

ஒப்பந்தங்கள் பொதுவாக இரண்டு வகை. ஒன்றில் சர்வீஸ் மட்டும் நிறுவனத்தின் பொறுப்பு, பாகத்துக்குத் தனி பில். இன்னொன்று ‘காம்ப்ரிஹென்சிவ்’, பாகங்களும் அதில் அடக்கம். முதல் வகை மலிவு. ஆனால் அதில் ஒரு கோணல் உண்டு. பாகம் பழுதாகும் ஒவ்வொரு முறையும் பராமரிப்பவருக்கு வருமானம் வருகிறது. பழுதே வராமல் பார்த்துக்கொள்ள அவருக்கு ஒப்பந்தத்தில் காரணம் எதுவும் இல்லை. காம்ப்ரிஹென்சிவ் இதைத் திருப்பிப் போடுகிறது; செலவு அவர் தலையில் விழுவதால் முன்கூட்டியே கவனிக்கத் தோன்றும். அதன் உண்மையான பலம் இதுதான். ஆனால் அதே காரணத்தால், மாற்ற வேண்டிய ரோப்பையும் பிரேக் லைனரையும் ‘இன்னும் தாங்கும்’ என்று தள்ளிப்போடவும் தோன்றும்.

சர்வீஸ் வருகையில் பெரிய ஏமாற்று எதுவும் இல்லை, சோம்பல்தான் அதிகம். மாதம் ஒருமுறை என்று ஒப்பந்தம் சொல்லும். ஆள் வருவார், கதவைத் துடைப்பார், கொஞ்சம் எண்ணெய் விடுவார், வாட்ச்மேனிடம் சர்வீஸ் கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். லிஃப்ட் கோளாறுகளில் பெரும்பகுதி கதவில்தான் வருகிறது: அடியில் உள்ள தடத்தில் சேரும் மண், தேய்ந்த ஷூ, சரியாகப் பொருந்தாத லாக். இவற்றைப் பார்க்க ஒவ்வொரு மாடியிலும் நிற்க வேண்டும். கீழே பிட்டில் இறங்க வேண்டும். அது நடந்ததா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. சங்கத்தில் ஒருவர் கூடவே நின்று, ‘மெயினை ஆஃப் செய்து ஏ.ஆர்.டி.யைக் காட்டுங்கள்’ என்று கேட்கலாம். மின்சாரம் போனால் பேட்டரியில் லிஃப்ட்டைப் பக்கத்து மாடிக்கு நகர்த்திக் கதவைத் திறக்க வேண்டிய கருவி அது. பேட்டரி செத்துக் கிடந்தால், முந்தைய மாதங்களில் கார்டில் விழுந்த டிக்குகளின் மதிப்பும் தெரிந்துவிடும்.

மிக மோசமான பகுதி ‘ரெஸ்பான்ஸ் டைம்’. இரண்டு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். புகார் பதிவானதிலிருந்து ஆள் வந்து சேரும் வரையிலான நேரம் அது. லிஃப்ட் மறுபடி ஓடும் வரையிலான நேரமல்ல. ஐந்து மாடி, இருபது வீடு, ஒரே லிஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை டிரைவ் போய்விடுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் ஆள் வந்துவிடுகிறார். திறந்து பார்த்து, ‘போர்டு போயிருக்கு சார், கம்பெனியிலிருந்து வரணும்’ என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார். ஒப்பந்தப்படி எல்லாம் சரி. ஒன்பது நாள் கழித்து போர்டு வருகிறது. அந்த ஒன்பது நாளும் ஐந்தாம் மாடியில் முழங்கால் அறுவை செய்துகொண்ட அம்மா வீட்டை விட்டு இறங்கவில்லை. சந்தா மட்டும் ஒரு ரூபாயும் குறையாது.

அதோடு முடிவதில்லை. ‘வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் போனது, இது கவரேஜில் வராது’ என்று மதிப்பீடு ஒன்றும் வருகிறது. விலக்குகளின் பட்டியல் அப்படிப்பட்டது: மின்னழுத்தம், பிட்டில் மழைநீர், எலி கடித்தது, தவறான உபயோகம். நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னை மழையில் பிட்டில் தண்ணீர் நின்றால் அது கட்டிடத்தின் குறைதான். அதற்கு லிஃப்ட் நிறுவனம் எப்படிப் பொறுப்பாகும்? சிக்கல் வேறு. காரணம் எது என்று தீர்மானிப்பவரும், அந்தத் தீர்மானத்தால் செலவு மிச்சமாகிறவரும் ஒரே ஆள். போர்டு எரிந்த அன்று பக்கத்து மோட்டாரோ வீடுகளோ பாதிக்கப்படவில்லை என்றால் வோல்டேஜ் வாதம் சந்தேகத்துக்குரியது. கண்ட்ரோலரில் பதிவான எரர் கோடை எழுத்தில் கேட்கலாம். ஆனால் அதைப் படிக்கும் கருவியும் பாஸ்வேர்டும் பல மாடல்களில் தயாரிப்பாளரிடமே இருக்கின்றன. வேறு நிறுவனத்துக்கு மாறுகிறோம் என்று மிரட்டுவது பலிக்காமல் போவதும் இதனால்தான்.

ஏ.எம்.சி. வேண்டாம் என்பதல்ல என் வாதம். எட்டுப் பத்து வருடம் ஓடிய லிஃப்ட்டுக்குக் கூடுதல் பணம் கொடுத்தாவது காம்ப்ரிஹென்சிவ் எடுப்பதே சரி என்பேன். ஆனால் அச்சடித்துத் தரும் படிவத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டால் அந்தக் கூடுதல் பணம் வீண். அடுத்த புதுப்பித்தலில் விலைக்காகப் பேரம் பேசும் நேரத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: மூன்று நாளுக்கு மேல் லிஃப்ட் நின்றால் நாள் கணக்கில் சந்தாவில் கழிவு, விலக்கைக் காட்டிப் பணம் கேட்டால் கழற்றிய பாகத்தோடு எழுத்தில் காரணம்.